பரீட்சைக் கட்டணத்தைக் கொம்பனியிடம் கேட்பது: பில்லில் இருந்து தொடங்குங்கள்

"கிளிநொச்சியில் எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு மென்பொருள் கொம்பனியில் இருக்கிறேன். கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிறோம். எல்லாம் எங்கள் கொம்பனியின் அமேசான் கிளவுட் கணக்கில்தான் ஓடுகிறது. சர்வரில் பெரிய பிரச்சினை வந்தால் கொழும்பில் இருக்கும் ஒருவருக்கு ஒவ்வொரு தடவையும் 15,000 ரூபா கொடுத்துப் பார்க்கச் சொல்கிறோம். நான் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் பரீட்சைக்குப் படிக்கிறேன். கட்டணம் 150 டொலர், என் சம்பளத்துக்கு அது பெரிய காசு. கொம்பனியிடம் கேட்கலாமா? முதலாளி அண்ணா நல்லவர்தான், ஆனால் 'அதால எங்களுக்கு என்ன லாபம் தம்பி?' என்று கேட்பார். என்ன எழுதிக் கொடுப்பது?"

கேட்கலாம். ஆனால் கடிதம் எழுத உட்காருவதற்கு முன் கொம்பனியின் அமேசான் பில்லை எடுத்து ஆறுதலாகப் பாருங்கள். மாதா மாதம் அண்ணாவின் கையைக் கடிக்கும் தாள் அதுதான். நீங்கள் படிக்கும் பாடம் அந்தத் தாளில் எந்த இடத்தைத் தொடுகிறது என்று காட்ட முடிந்தால், கடிதத்தில் பாதி முடிந்த மாதிரி. காட்ட முடியாவிட்டால் "பணியாளர் திறன் விருத்தி" என்று எத்தனை பந்தி எழுதினாலும் "பார்ப்பம்" என்ற பதில்தான் வரும்.

இந்தப் பரீட்சைக்கு (SAA-C03) நான்கு பகுதிகள். பாதுகாப்புக்கு 30 வீதம், பழுது வந்தாலும் விழாமல் நிற்கும் அமைப்புக்கு 26, வேகத்துக்கு 24, செலவைக் குறைக்கும் வடிவமைப்புக்கு 20. கட்டணம் கேட்டு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இந்த நான்கையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "குழுவுக்குப் பயன்" என்று ஒரு வரி எழுதியிருக்கும். வாசிப்பவருக்கு அது பாடத்திட்டம் வாசித்த மாதிரி இருக்குமே தவிர, அவருடைய கொம்பனி அதில் தெரியாது. உங்கள் இடத்துக்கு இரண்டு பகுதி போதும். ஒன்று செலவு, மற்றது பழுது. 15,000 ரூபா கொடுத்துக் கொழும்புக்காரரைக் கூப்பிடும் கதை இரண்டாவதில் வரும்.

முதலில் செலவு. உங்கள் கணக்கில் சர்வர்கள் சில வருடங்களாக ஓடுகின்றன என்றால், டிஸ்க்குகளில் பல இன்னும் பழைய gp2 வகையாகவே இருக்கும். அதற்குப் பிறகு gp3 வந்துவிட்டது. வேர்ஜீனியா பிராந்தியத்தில் (us-east-1) gp2 ஒரு ஜிபிக்கு மாதம் 0.10 டொலர், gp3 0.08 டொலர். அதாவது 20 வீதம் குறைவு. ஏற்கனவே ஓடுகிற டிஸ்க்குகள் தானாக மாறமாட்டா, ஒருவர் உட்கார்ந்து மாற்ற வேண்டும். சிறிய கொம்பனிகளில் அந்த ஒருவர் யார் என்று தீர்மானிக்காததால் அவை அப்படியே கிடக்கின்றன. எத்தனை கிடக்கின்றன என்று பார்க்க இது போதும்:

```
aws ec2 describe-volumes \
  --filters Name=volume-type,Values=gp2 \
  --query "Volumes[].[VolumeId,Size]" --output table
```

இது பார்க்க மட்டும்தான், எதையும் மாற்றாது. உங்கள் பிராந்தியம் சிங்கப்பூர் அல்லது மும்பாய் என்றால் விலை வேறு, அமேசானின் விலைப்பக்கத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பட்டியலில் 100 ஜிபி டிஸ்க்குகள் ஒன்பதும், தரவுத்தளத்துக்கு 500 ஜிபி டிஸ்க் ஒன்றும் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,400 ஜிபி. இப்போது மாதம் 140 டொலர் போகிறது. gp3 ஆக்கினால் 112 டொலர், மிச்சம் 28 என்று உடனே எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். 500 ஜிபி gp2 டிஸ்க் ஒன்று செக்கனுக்கு 250 எம்பி வரை தரவை நகர்த்தும். gp3 விலையோடு வருவது 125 மட்டும்தான். மாற்றும்போது வேகத்தை நீங்கள் குறிப்பிடாவிட்டால், பழைய டிஸ்க்கின் வேகம் குறையாதபடி அமேசானே 250 என்று வைத்துவிடும். அந்த மேலதிக 125க்கு எம்பி ஒன்றுக்கு மாதம் 0.04 டொலர் வீதம் 5 டொலர் பில்லில் ஏறும். ஆகவே உண்மையான மிச்சம் 23 டொலருக்குப் பக்கத்தில் நிற்கும். சிறிய டிஸ்க்குகளில் இந்த வித்தியாசம் சில சதம்தான்.

அந்த 5 டொலரை மிச்சம் பிடிக்கிறேன் என்று 125க்கு இறக்கலாமா? தரவுத்தள டிஸ்க்கில் அதைச் செய்யமாட்டேன். பகலில் கடைகள் பில் போடும்போது ஒன்றும் தெரியாது. இரவு பேக்கப்பும் நாள் முடிவு அறிக்கையும் ஓடும்போதுதான் இழுபடும், காலையில் கடைக்காரர் அறிக்கை வரவில்லை என்று போன் எடுப்பார். கடைசி இரண்டு கிழமை அந்த டிஸ்க் எவ்வளவு வேகத்தை உண்மையில் பயன்படுத்தியது என்று கிளவுட்வொட்ச்சில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

டொலர் 300 ரூபா என்று எடுத்தால் 23 டொலர் மாதம் 6,900 ரூபா. பரீட்சைக் கட்டணம் 150 டொலர், 45,000 ரூபா. ஏழாவது மாதத்தில் கணக்கு நேராகும். பெரிய தொகை ஒன்றும் இல்லை, ஆனால் நம்பக்கூடிய தொகை. "வருடத்துக்கு இலட்சக்கணக்கில் மிச்சம்" என்று எழுதிய கடிதத்தைக் கணக்காளர் ஒரு நிமிடத்தில் உடைத்துவிடுவார். 28க்குப் பதிலாக 23 என்று எழுதி, ஏன் 23 என்பதையும் ஒரு வரியில் சொல்லும் கடிதத்தை உடைப்பது கஷ்டம்.

இப்போது ஒழுங்கு முக்கியம். இதை "சான்றிதழ் கிடைத்தால் செய்வேன்" என்று வாக்குறுதியாக எழுதாதீர்கள். முதலில் அண்ணாவிடம் அனுமதி கேளுங்கள். "டிஸ்க் வகையை மாத்தினா பில் கொஞ்சம் குறையும் அண்ணா, முதல்ல டெஸ்ட் சர்வரில செய்து பார்க்கட்டா?" என்றால் போதும். கேட்காமல் ஓடுகிற சர்வரில் கை வைக்கக் கூடாது, அது எவ்வளவு நல்ல மாற்றமாக இருந்தாலும். ஸ்னப்ஷொட் எடுத்துவிட்டு ஒரு டிஸ்க்கை மாற்றுங்கள். சர்வரை நிறுத்தத் தேவையில்லை. மாற்றம் சில மணிநேரம் பின்னணியில் ஓடும், optimizing என்று காட்டும். சரியாக இருந்தால் மிச்சத்தை மாற்றுங்கள். அடுத்த மாதம் கொஸ்ட் எக்ஸ்ப்ளோரரில் EBS:VolumeUsage.gp2 என்ற வரி இறங்கி EBS:VolumeUsage.gp3 என்ற வரி ஏறியிருக்கும். அந்த இரண்டு வரிகளையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு கட்டணக் கடிதத்தை எழுதுங்கள். ஒரு மாதம் பிந்தும், பரவாயில்லை.

இங்கே கூர்மையான முதலாளி ஒரு கேள்வி கேட்பார். "இதைப் பரீட்சை எழுதாமலே செய்துட்டியே, பிறகு எதுக்குப் பரீட்சை?" நியாயமான கேள்வி. டிஸ்க் மாற்ற யாருக்கும் சான்றிதழ் தேவையில்லை. அதனால் மிச்சப்பட்ட காசைப் பரீட்சையின் பலன் என்று சொல்லாமல், படிப்பின் பலன் என்று சொல்லுங்கள். பாடத்திட்டத்தைப் படிக்கும்போது கண்ணில் பட்டது இது, பாடத்திட்டம் இன்னும் முடியவில்லை. பரீட்சைத் திகதி ஒன்று போட்டுக் காசு கட்டினால்தான் மிச்சப் படிப்பும் முடியும். வேலை முடிந்து வீட்டுக்குப் போய் இரவு பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறக்கும் எவருக்கும் இது தெரியும், உங்கள் அண்ணாவுக்கும் தெரிந்திருக்கும்.

சான்றிதழால் மட்டும் கிடைப்பது ஒன்று உண்டு. கொழும்பிலோ வெளிநாட்டிலோ புதிய வாடிக்கையாளர் ஒருவர் "உங்கள் சர்வரை யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்டால், இணையத்தில் சரிபார்க்கக்கூடிய ஒரு பெயரைக் காட்டலாம். அமேசானின் பங்காளர் திட்டத்தில் மேல் நிலைகளுக்குப் போவதற்கும் சான்றிதழ் பெற்றவர்களின் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். எட்டுப் பேர் கொம்பனிக்கு அது இப்போதைக்குத் தூரம். விண்ணப்பிக்கும் யோசனை அண்ணாவுக்கு இருந்தால் மட்டும் எழுதுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்த 15,000 ரூபா விஷயம். "நான் பாஸ் பண்ணினால் கொழும்புக்காரர் தேவையில்லை" என்று எழுத ஆசை வரும். அது ஆபத்தான வாக்கு. இந்தப் பரீட்சை முழுக்கத் தெரிவு வினாக்கள். 65 கேள்விகள், 130 நிமிடம், 1,000க்கு 720 எடுத்தால் சித்தி. அந்த 65இல் 15 கேள்விகளுக்குப் புள்ளியே இல்லை, எவை என்றும் தெரியாது. கீபோர்டில் கை வைத்து ஒரு சர்வரைக்கூட நீங்கள் மீட்டுக் காட்டுவதில்லை. தைப்பொங்கலுக்கு முதல் நாள் இரவு தரவுத்தளம் விழுந்தால், அனுபவம் உள்ளவருக்குப் போன் எடுக்கத்தான் வேண்டிவரும். அப்போது "நீதானே தேவையில்லை எண்டாய்" என்ற பேச்சும் சேர்ந்து வரும்.

அதற்குப் பதிலாக அளக்கக்கூடிய ஒன்றை வாக்குக் கொடுங்கள். நேற்றைய ஸ்னப்ஷொட்டில் இருந்து தரவுத்தளத்தை ஒரு டெஸ்ட் சர்வரில் மீட்டெடுத்து, எவ்வளவு நேரம் எடுத்தது, எத்தனை பில்கள் காணாமல் போயின என்று எழுதுவது. பாடத்திட்டத்தில் இது RTO, RPO என்ற பெயர்களில் வரும். முதலாவது, எவ்வளவு நேரத்தில் திரும்ப எழும்புவோம் என்பது. இரண்டாவது, எவ்வளவு நேரத்துத் தரவை இழக்கலாம் என்பது. இரவு ஒருமுறை மட்டும் ஸ்னப்ஷொட் எடுக்கிறீர்கள் என்றால், மாலை ஐந்து மணிக்கு டிஸ்க் போனால் அன்றைய நாள் முழுதும் போட்ட பில்கள் போய்விடும். பல சிறிய கொம்பனிகளில் இதை ஒருவரும் ஒருநாளும் செய்து பார்ப்பதில்லை. பேக்கப் ஓடுகிறது என்று பச்சை நிறம் காட்டினால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். மீட்டெடுக்கும் படிகளைத் தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதி, வேறு இருவரைக் கொண்டு அதைப் பார்த்தே செய்விப்பதாகச் சொல்லுங்கள். குழுவுக்குப் பயன் என்று சொல்வது இதைத்தான். உங்கள் தலைக்குள் மட்டும் இருப்பது குழுவுக்குப் பயன் இல்லை, நீங்கள் காய்ச்சலில் படுத்திருக்கும் நாளில் இன்னொருவர் செய்ய முடிந்தால்தான் பயன். கொழும்புக்காரரைக் கூப்பிடும் தடவைகள் இதனால் குறையலாம். அதைக் கடிதத்தில் எழுதாமலே அண்ணா கணக்குப் போடுவார்.

இனி அவர் வாயால் சொல்லாத பயம். வன்னியில் சிறிய கொம்பனி நடத்தும் எவரிடமும் பேசிப் பாருங்கள், இதே கதைதான். அறிவியல்நகரில் படித்து வரும் பிள்ளைகளையும் வவுனியாப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளையும் எடுத்து வேலை பழக்குவார்கள். கை பழகியவுடன் கொழும்பில் இருந்து இரட்டிப்புச் சம்பளத்தோடு அழைப்பு வரும், அல்லது கனடா விசா வரும். சான்றிதழுக்குக் காசு கொடுப்பது என்றால், போகிறவருக்குப் பஸ் காசும் கொடுத்து விடுகிற மாதிரி அவருக்குத் தோன்றும். இதைப் பேசாமல் விட்டால் பயம் போகாது. நீங்களே முன்வந்து எழுதுங்கள். கட்டணம் கிடைத்த நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் நானாக விலகினால் முழுவதையும், ஆறு மாதத்துக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் இடையில் விலகினால் பாதியைத் திருப்பித் தருகிறேன் என்று. கொம்பனியே உங்களை நிறுத்தினால் திருப்பத் தேவையில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அதை மறந்துவிடுபவர்கள் அதிகம். சான்றிதழ் மூன்று வருடம் செல்லும் என்பதற்காக மூன்று வருட ஒப்பந்தம் கேட்டால் சம்மதிக்காதீர்கள். 45,000 ரூபாவுக்கு ஒரு வருடம் என்பதே தாராளம்.

சித்தியடையாவிட்டால்? அதற்கும் வரி வேண்டும். மறுபடி எழுத 14 நாள் காத்திருக்க வேண்டும், முழுக் கட்டணமும் திரும்பக் கட்ட வேண்டும். என் யோசனை, முதல் தடவை கொம்பனி, இரண்டாவது தடவை நீங்கள். சித்தியடைந்தால் மட்டும் தருகிறோம் என்று அண்ணா சொன்னாலும் ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் அந்த நிபந்தனையை நீங்களே போய் வைக்காதீர்கள். இங்கே உங்களுக்கு உதவும் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது மேலதிகமாக 30 நிமிடம் கேட்கலாம். உங்கள் சான்றிதழ் கணக்கில் accommodations என்ற இடத்தில் ESL +30 MINUTES என்று இருக்கும். பரீட்சையைப் பதிவு செய்வதற்கு முன்பே அதைக் கேட்டுவிட வேண்டும். காசு இல்லை, மருத்துவக் கடிதமும் தேவையில்லை. நீளமான கேள்விகளை இரண்டு தரம் வாசிக்க அந்த அரை மணிநேரம் பெரிய உதவி. சமூக ஊடகக் குழுக்களில் "உண்மையான கேள்வித்தாள்" என்று விற்பதன் பக்கம் போகவேண்டாம். அது பரீட்சை உடன்படிக்கையை மீறுவது, பிடிபட்டால் சான்றிதழே போய்விடும். கொம்பனிக் காசில் எடுத்ததென்றால் மானமும் போகும்.

காசு எப்படிப் போகிறது என்பதையும் யோசியுங்கள். மீளளிப்பு என்றால் முதலில் நீங்கள் கட்ட வேண்டும், பிறகு கொம்பனி தரும். உங்கள் டெபிட் கார்டில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். வங்கி எடுக்கும் டொலர் விலை, பத்திரிகையில் வரும் விலையாக இருக்காது. அதற்கு மேல் கட்டணமும் வரியும் சேரும். அதனால் கடிதத்தில் "45,000 ரூபா" என்று மட்டும் எழுதினால் வித்தியாசம் உங்கள் தலையில் விழும். "வங்கி உண்மையில் கழித்த தொகை, 50,000 ரூபாவுக்கு மேற்படாமல்" என்று எழுதுங்கள். அண்ணாவிடம் கொம்பனியின் கிரெடிட் கார்ட் இருந்தால், அதிலேயே நேராகக் கட்டச் சொல்லிக் கேட்பது இன்னும் சுகம்.

பரீட்சையை வீட்டில் இருந்து இணையத்திலும் எழுதலாம், கொழும்புக்குப் போய் மையத்திலும் எழுதலாம். இணையத்தில் என்றால் அறையில் நீங்கள் தனியே இருக்க வேண்டும், மேசை வெறுமையாக இருக்க வேண்டும், யாராவது கதவைத் திறந்து உள்ளே வந்தால் பரீட்சையை நிறுத்திவிடலாம். பிள்ளைகள் ஓடித் திரியும் வீட்டில், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத நாளில், இது சூதாட்டம். உங்கள் அலுவலகத்தில் யூ.பி.எஸ்ஸோ ஜெனரேட்டரோ இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அறையைக் கேளுங்கள். கொம்பனிக்கு அது காசில்லாத உதவி, கடிதத்தில் சேர்த்துவிடலாம். அதே கணினியில், அதே இணைப்பில் முன்கூட்டியே சிஸ்டம் டெஸ்ட் செய்து பாருங்கள். சில அலுவலகக் கணினிகளில் உள்ள பாதுகாப்பு மென்பொருள் பரீட்சைச் செயலியைத் தடுக்கும். பதிவில் உள்ள பெயரும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தகப்பன் பெயரை ஓரிடத்தில் முழுதாகவும் இன்னோரிடத்தில் முதலெழுத்தாகவும் போடும் எங்கள் பழக்கம் இங்கே மாட்டிவிடும். பழைய லமினேட் அடையாள அட்டையில் ஆங்கில எழுத்தில் பெயர் இருக்காது, கடவுச்சீட்டு இருந்தால் அதை வைத்துப் பதியுங்கள். நேரத்தை மாற்றுவதென்றால் 24 மணிநேரத்துக்கு முன் மாற்ற வேண்டும். வராமல் விட்டால் காசு போனதுதான், அந்தக் காசைக் கொம்பனியிடம் கேட்கவும் முடியாது.

இனிக் கடிதம். வாயால் "அண்ணா" என்று பேசினாலும் கடிதம் முறையாகவே இருக்கட்டும். அதை அண்ணா மட்டும் வாசிக்கப்போவதில்லை, கணக்காளரும் வாசிப்பார், கோப்பிலும் கிடக்கும். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது.

*முகாமையாளர் அவர்களுக்கு,*

*பரீட்சைக் கட்டணத்தை மீளளிக்கக் கோருதல்*

*நான் அமேசான் கிளவுட்டின் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் (SAA-C03) பரீட்சைக்குத் தோற்ற உள்ளேன். கட்டணம் 150 அமெரிக்க டொலர். வங்கி உண்மையில் கழிக்கும் தொகையை, 50,000 ரூபாவுக்கு மேற்படாமல், நிறுவனம் மீளளிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.*

*இதற்காகப் படிக்கும்போது எமது கணக்கில் பழைய வகை டிஸ்க்குகள் பத்து இருப்பதைக் கண்டு, தங்கள் அனுமதியுடன் கடந்த மாதம் மாற்றினேன். மாதச் செலவு 140 டொலரில் இருந்து ஏறத்தாழ 117 டொலராகக் குறைந்துள்ளது. தரவுத்தள டிஸ்க்கின் வேகத்தைக் குறைக்காமல் வைத்திருப்பதால் அதற்கான 5 டொலரும் இத்தொகையில் அடங்கும். இரண்டு மாத பில் விபரத்தை இணைத்துள்ளேன்.*

*பரீட்சை முடிந்து இரண்டு மாதத்துக்குள் பின்வருவனவற்றைச் செய்து தருவேன். தரவுத்தளத்தைப் பேக்கப்பில் இருந்து டெஸ்ட் சர்வரில் மீட்டெடுத்து, எடுத்த நேரத்தையும் இழக்கக்கூடிய தரவின் அளவையும் எழுத்தில் தருவேன். மீட்டெடுக்கும் படிகளைத் தமிழில் எழுதி, எமது குழுவில் மேலும் இருவர் என் உதவியின்றி அதைச் செய்யப் பழக்குவேன். அவசர வேளையில் வெளியாரின் உதவி தேவைப்படாது என்று இதனால் உறுதி கூற முடியாது. ஆனால் அவரை அழைக்கும்போது என்ன பழுது, என்ன செய்து பார்த்தோம் என்பதை எம்மால் சொல்ல முடியும்.*

*முதல் தடவை சித்தியடையாவிட்டால் இரண்டாம் தடவைக் கட்டணத்தை நானே செலுத்துவேன். கட்டணம் பெற்று ஆறு மாதத்துக்குள் நானாக விலகினால் முழுத் தொகையையும், அதன் பின் பன்னிரண்டு மாதத்துக்குள் விலகினால் பாதித் தொகையையும் திருப்பித் தருவேன். நிறுவனம் என்னைப் பணியில் இருந்து நீக்கினால் இது பொருந்தாது.*

*பரீட்சை எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலக அறையைப் பயன்படுத்தவும் அனுமதி கேட்கிறேன். தங்கள் ஒப்புதலைக் கீழே கையெழுத்திட்டோ மின்னஞ்சல் மூலமோ தந்தால் அதன் பின் பதிவு செய்வேன்.*

கடைசி வரியைக் கவனியுங்கள். ஒப்புதல் எழுத்தில் வரும்வரை காசு கட்டாதீர்கள். "கட்டு, பிறகு பார்ப்பம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், "சரி அண்ணா, நான் ஒரு மெயில் போடுறன், ஓகே எண்டு மட்டும் போட்டு விடுங்கோ" என்று சொல்லுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ரசீது உங்கள் பெயரில்தான் வரும். கொம்பனிச் செலவு என்று காட்டக் கணக்காளருக்கு அந்த ஒப்புதல் தேவை.

எப்போது கொடுப்பது? மாதக் கடைசியில், சம்பளக் காசு திரட்டி ஓடித் திரியும் நாட்களில் கொடுக்காதீர்கள். பில் குறைந்து வந்த கிழமையில் கொடுங்கள். எல்லோருக்கும் முன்னால் கேட்கவும் வேண்டாம். ஒருவருக்குக் கொடுத்தால் எட்டுப் பேருக்கும் கொடுக்க வேண்டுமே என்று அவர் தயங்குவார். அந்தத் தயக்கத்தை அவரே எடுத்தால், வருடத்துக்கு ஒருவர் என்று வைக்கலாம், முதலில் மிச்சம் காட்டுபவர் கேட்கலாம் என்று சொல்லிப் பாருங்கள்.

முழுதும் தரமுடியாது, பாதி தருகிறேன் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் திருப்பித் தரும் நிபந்தனையையும் அதே அளவுக்குக் குறைத்து எழுதுங்கள். ஒன்றும் தரமுடியாது என்றால், பரீட்சை நாளுக்கு முதல் இரண்டு நாள் சம்பளத்துடன் லீவும் அந்த ஞாயிற்றுக்கிழமை அறையும் கேளுங்கள். சித்தியடைந்தால் அடுத்த பரீட்சைக்கு அரை விலைக் கழிவு ஒன்று உங்கள் சான்றிதழ் கணக்கில் வரும். மூன்று வருடத்தில் புதுப்பிக்கும்போது அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், அந்த வேளையில் கேட்க வேண்டிய தொகையும் சிறியதாக இருக்கும்.

கட்டணம் கோரும்போது நான்கு தாள்கள் இணையுங்கள்: கையெழுத்திட்ட ஒப்புதல், பணம் கட்டிய ரசீது, வங்கி அறிக்கையில் அந்த ஒரு வரி (மற்ற வரிகளையும் கார்ட் இலக்கத்தையும் மறைத்துவிடலாம்), பரீட்சை முடிவு. முடிவு வர ஐந்து வேலை நாள் வரை ஆகலாம். ஆகவே மாதம் 20ஆம் திகதிக்குப் பிறகு பரீட்சை எழுதினால், அந்த மாதச் சம்பளத்தோடு காசு வரும் என்று எதிர்பார்க்காமல் கணக்காளரிடம் அடுத்த மாதத்துக்குப் போடச் சொல்லிவிடுங்கள்.